சென்னையில் தெரியாத ஒரு மணி நேரம்

கணினி நிரலில் தேதியையும் நேரத்தையும் கையாளும் வரிகளை ஒருவர் மாற்றினால், அந்த மாற்றம் வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் சக நிரலாளர் ஒருவர் அதை வரிவரியாகப் படித்துப் பார்க்கிறார். இதற்குக் கோட் ரிவ்யூ என்று பெயர். மற்ற பிழைகள் ரிவ்யூவில் நழுவினாலும் நிரலை ஓட்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் சிக்கிவிடும். நேர மண்டலப் பிழை அப்படி எளிதில் சிக்குவதில்லை. அது பல சமயம் ஆண்டில் இரண்டு நாட்களை ஒட்டித்தான் தலைகாட்டும். அதுவும் நிரல் எழுதப்பட்ட ஊரில் தெரியாது, அது பயன்படும் ஊரில்தான் தெரியும்.

இந்தியாவின் கடிகாரம் ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் நிற்கிறது. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நியூயார்க்கில் அப்படியில்லை. குளிர்காலத்தில் அது பொது நேரத்துக்கு ஐந்து மணி பின்னால் இருக்கும், கோடையில் நான்கு மணி பின்னால் இருக்கும். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3 மணிக்குத் தாவுகிறது. நவம்பரின் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி ஆகும்போது மறுபடி 1 மணிக்குத் திரும்புகிறது. 2026இல் இவை மார்ச் 8, நவம்பர் 1. இந்தக் கோடை ஏற்பாட்டுக்குப் பகலொளிச் சேமிப்பு நேரம் என்று பெயர். அமெரிக்க வாடிக்கையாளருடன் தினமும் பேசுகிறவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும்: குளிர்காலத்தில் இரவு 7.30க்கு இருந்த கால், மார்ச்சில் ஒரு நாள் 6.30க்கு வந்துவிடும். அங்கே இரண்டுமே காலை 9 மணிதான்.

ஆக, நியூயார்க்கில் ஆண்டுக்கு ஒரு நாளுக்கு 23 மணி நேரம், இன்னொரு நாளுக்கு 25 மணி நேரம். ‘ஒரு நாள் என்பது 24 மணி’ என்று நிரலில் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு பிழை காத்திருக்கலாம். காத்திருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் சில இடங்களில் அது சரியாகவும் இருக்கும். எது எங்கே சரி என்று பிரித்துப் பார்ப்பதுதான் ரிவ்யூ செய்பவரின் வேலை.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் உள்ள பிசியோதெரபி மையம் ஒன்றுக்கான முன்பதிவுச் செயலியைச் சென்னையில் ஒரு குழு எழுதுகிறது. ஒரு நோயாளிக்கு வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குச் சிகிச்சை. முதல் சந்திப்பு 2026 மார்ச் 3. செயலி இதைத் தரவுத்தளத்தில் உலகப் பொது நேரமாக, அதாவது 14:00 என்று சேமிக்கிறது. அடுத்த வாரச் சந்திப்பைக் கணக்கிட நிரலாளர் எழுதிய வரி இது:

```python
next_utc = first_utc + timedelta(days=7)
```

படித்தால் குறையே தெரியாது. ஏழு நாள் கூட்டினால் அடுத்த செவ்வாய் வரும். மார்ச் 10, பொது நேரம் 14:00. ஆனால் இடையில் மார்ச் 8 வந்து போய்விட்டது. நியூயார்க் இப்போது நான்கு மணி மட்டுமே பின்னால் இருக்கிறது. எனவே பொது நேரம் 14:00 என்பது அங்கே காலை 10 மணி. நோயாளி வழக்கம்போல 9 மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பார், அவருடைய பெயர் 10 மணிப் பட்டியலில் இருக்கும். சென்னையில் பிப்ரவரியில் இதைச் சோதித்திருந்தால் பிப்ரவரித் தேதிகள் எல்லாமே சரியாக வந்திருக்கும்.

இந்த வரியைப் படிக்கும்போது ரிவ்யூ செய்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது ஒரு கணமா, சுவர்க் கடிகாரத்தில் தெரியும் நேரமா? பணம் செலுத்தப்பட்ட நேரம், ஒருவர் உள்நுழைந்த நேரம், சர்வர் பழுதான நேரம் ஆகியவை கணங்கள். உலகம் முழுவதற்கும் அவை ஒன்றே, பொது நேரத்தில் வைத்தால் போதும். செவ்வாய் காலை 9 மணி என்பது அப்படிப்பட்டதல்ல. அது அந்த ஊர்க் கடிகாரத்தை நம்பிக் கொடுக்கப்பட்ட வாக்கு. கடிகாரம் நகர்ந்தால் வாக்கும் கூடவே நகர வேண்டும். வாக்கை எடுத்துக் கணமாகச் சேமித்து, கணத்தின் மேல் கூட்டல் செய்ததுதான் மேலே நடந்த பிழை.

திருத்தம் மூன்று படிகள் கொண்டது: பொது நேரத்தை உள்ளூர் நேரமாக மாற்றி, உள்ளூர்க் கடிகாரத்தில் ஏழு நாள் கூட்டி, பிறகு பொது நேரத்துக்குத் திருப்புவது.

```python
NY = ZoneInfo("America/New_York")
local = first_utc.astimezone(NY)
next_local = local + timedelta(days=7)
next_utc = next_local.astimezone(timezone.utc)
```

இப்போது மார்ச் 10 அன்று உள்ளூர் நேரம் 9:00 ஆகவே நிற்கிறது. பொது நேரம் 13:00 என்று வருகிறது. இதில் `America/New_York` என்ற பெயர் முக்கியம். இப்படிப்பட்ட பெயர்கள் ஐயானா பராமரிக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அந்தப் பகுதியின் கடிகாரம் எந்தெந்தத் தேதியில் எவ்வளவு நகர்ந்தது, இனி எப்போது நகரும் என்ற விதிகள் இருக்கின்றன. நம் நேரத்துக்கு அதில் `Asia/Kolkata`.

அவசரத்தில் திருத்துகிறவர் இந்தப் பெயருக்குப் பதிலாக `-05:00` என்றோ `EST` என்றோ எழுதிவிடுவது உண்டு. பார்க்க அதேபோலத்தான் இருக்கும், ஆனால் இரண்டிலும் கோடைக்கால விதி கிடையாது. ஆண்டு முழுவதும் ஐந்து மணி பின்னால் என்றுதான் அவை சொல்லும், பழைய பிழை அப்படியே திரும்பி வரும். இந்தியாவில் `+05:30` என்று எழுதினால் எதுவும் கெடுவதில்லை. அந்தப் பழக்கம்தான் கையோடு வந்துவிடுகிறது. மாற்றத்தில் இப்படி எண்ணாக எழுதப்பட்ட இடைவெளியோ மூன்றெழுத்துச் சுருக்கமோ கண்ணில் பட்டால், ரிவ்யூ செய்பவர் அங்கே நின்று காரணம் கேட்பது நல்லது.

மேலே உள்ள திருத்தம் சரியாக வேலை செய்வதற்கு, பைதான் மொழி நேரக் கூட்டலைச் செய்யும் முறை ஒரு காரணம். நேர மண்டலத்தோடு கூடிய ஒரு நேரத்தில் ஏழு நாள் கூட்டினால், பைதான் சுவர்க் கடிகார முள்ளைத்தான் நகர்த்துகிறது. இடையில் கடிகாரம் தாவியதா என்று அது பார்ப்பதில்லை. சந்திப்புகளுக்கு இதுதான் வேண்டும். ஆனால் இதே குணம் வேறோர் இடத்தில் சம்பளத்தைக் குறைத்துவிடும்.

அதே மையத்தோடு இணைந்த மருத்துவமனையில் ஒரு செவிலியர் இரவுப் பணி பார்க்கிறார் என்று கொள்வோம். 2026 அக்டோபர் 31 சனிக்கிழமை இரவு 11 மணிக்கு வருகிறார், நவம்பர் 1 ஞாயிறு காலை 7 மணிக்குப் போகிறார். பணி நேரத்தைக் கணக்கிடும் வரி:

```python
hours = end - start
```

இரண்டுமே `America/New_York` மண்டலத்தில் சரியாகக் குறிக்கப்பட்டவை. எனவே ரிவ்யூவில் ‘மண்டலம் போட்டிருக்கிறார்களா’ என்று மட்டும் பார்த்தால் இது தேறிவிடும். விடை எட்டு மணி நேரம் என்று வரும். அன்று இரவு 1 மணி முதல் 2 மணி வரை இரண்டு முறை வந்தது. செவிலியர் உண்மையில் ஒன்பது மணி நேரம் வேலை செய்தார். இரு பக்கமும் ஒரே மண்டலம் இருந்தால் கழித்தலிலும் பைதான் சுவர்க் கடிகாரத்தையே பார்ப்பதால், அந்த ஒரு மணி நேரம் கணக்கில் வருவதில்லை. மார்ச் 7 இரவுப் பணியில் இதற்கு நேர்மாறாக, ஏழு மணி வேலைக்கு எட்டு மணி என்று காட்டும். உழைத்த நேரம் என்பது இரண்டு கணங்களுக்கு இடையிலான தொலைவு. அதனால் இங்கே கழிப்பதற்கு முன் இரண்டையும் பொது நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்:

```python
hours = end.astimezone(timezone.utc) - start.astimezone(timezone.utc)
```

சந்திப்புக்குப் பொது நேரத்தில் கூட்டியது பிழை. சம்பளத்துக்கு உள்ளூர் நேரத்தில் கழித்தது பிழை. ‘எல்லாவற்றையும் பொது நேரத்திலேயே செய்’ என்ற, நிரலாளர்களிடையே பரவலான விதி பாதிதான் உண்மை என்பது இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் தெரியும். மொழிக்கு மொழி நடத்தை மாறும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜாவாவின் `ZonedDateTime` வகையில் `plusDays` சுவர்க் கடிகாரத்தை நகர்த்தும், `plusHours` உண்மையில் கழிந்த நேரத்தை நகர்த்தும். அங்கே `plusDays(1)` என்பதை `plusHours(24)` என்று யாராவது மாற்றினால் அது வெறும் எழுத்து மாற்றம் அல்ல, பொருளே மாறுகிறது.

அடுத்து வருவது இல்லாத நேரமும் இரட்டை நேரமும். 2026 மார்ச் 8 அதிகாலை 2.30 என்ற நேரமே நியூயார்க்கில் இல்லை. 1.59க்கு அடுத்த நிமிடம் 3.00. அப்படி ஒரு நேரத்தைப் பயனர் தட்டச்சு செய்தால் பைதான் மறுப்பதில்லை, பேசாமல் வாங்கிக்கொள்கிறது. அதைப் பொது நேரத்துக்கு மாற்றினால் 7:30 வரும். திரும்ப உள்ளூர் நேரமாக்கினால் 3.30 வரும். கொடுத்தது 2.30, திரும்பி வந்தது 3.30. இப்படிப் போய்த் திரும்பும்போது நேரம் மாறியிருந்தால், கொடுக்கப்பட்டது இல்லாத நேரம் என்று நிரலே கண்டுபிடிக்கலாம். நவம்பர் 1 அதிகாலை 1.30 இதற்கு எதிர்ப்பக்கம்: அது இரண்டு முறை வரும். முதலாவதா இரண்டாவதா என்று சொல்லப் பைதானில் `fold` என்ற குறி இருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் முதலாவதே எடுத்துக்கொள்ளப்படும்.

பகல் நேரச் சிகிச்சை மையத்துக்கு இது பெரிய தொல்லையல்ல. இரவில் தானாக ஓடும் வேலைகளுக்குத்தான் தொல்லை. தினமும் அதிகாலை 1.30க்குப் பில் அனுப்பு என்று உள்ளூர்க் கடிகாரத்தைப் பார்த்து ஓடும் வேலை நவம்பரில் இரண்டு பில் அனுப்பிவிடலாம். 2.30க்கு ஓடும் வேலை மார்ச்சில் ஒரு நாள் ஓடாமலே போகலாம். இந்த வேலைகளின் நேரத்தை மாற்றும் ரிவ்யூவில், 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் உள்ளூர் நேரம் வைக்கப்பட்டால் அதற்குக் கட்டாயமான காரணம் இருக்க வேண்டும். எல்லா ஊரிலும் கடிகாரம் 2 மணிக்கே தாவுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிரேசிலில் 2019இல் இந்த முறை கைவிடப்படும் வரை தாவல் நள்ளிரவில் நடந்தது. அங்கே அந்த நாள் 00:00க்குத் தொடங்கவில்லை, 01:00க்குத்தான் தொடங்கியது. நாளின் தொடக்கம் 00:00 என்று எழுதிய நிரல்கள் அங்கே இல்லாத நேரத்தைத் தேடின.

சேமிக்கும் இடத்தையும் ரிவ்யூ செய்பவர் திறந்து பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் `timestamptz` என்ற வகை உண்டு. மண்டலத்தோடு கூடிய நேரம் என்று அதன் பெயர் சொன்னாலும், எந்த மண்டலம் என்பதை அது வைத்திருப்பதில்லை. கொடுத்த நேரத்தைப் பொது நேரமாக்கி வைத்துக்கொண்டு, கேட்பவரின் மண்டலத்தில் காட்டுகிறது, அவ்வளவுதான். நடந்து முடிந்தவற்றுக்கு அது போதும். இனி வரப்போகும் சந்திப்புக்குப் போதாது. அதற்கு உள்ளூர்த் தேதி, உள்ளூர் நேரம், மண்டலத்தின் பெயர் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு, பொது நேரத்தைத் தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

காரணம், விதிகளே மாறுகின்றன. நேர மண்டலம் இயற்கை தந்ததல்ல, அரசு ஆணை. லெபனானில் 2023 மார்ச் மாதக் கடைசி வார இறுதியில் கடிகாரம் ஒரு மணி முன்னே போக வேண்டும். சில நாட்கள் இருக்கும்போது, ரமலான் முடியும் தறுவாய் வரை அதைத் தள்ளிவைப்பதாக அரசு அறிவித்தது. நாட்டில் ஒரு பகுதியினர் அதை ஏற்காமல் பழைய அட்டவணைப்படியே கடிகாரத்தை மாற்றிக்கொண்டார்கள். ஒரே ஊரில் இரண்டு நேரம் ஓடியது. எதிர்ப்பு வலுத்ததும் அரசு முடிவைத் திரும்பப் பெற்று, அதே வாரத்தில் கடிகாரத்தை மாற்றியது. நேர மண்டலத் தரவுத்தளத்தில் ஒரு வெளியீட்டில் தள்ளிவைப்பு சேர்க்கப்பட்டு, அடுத்த வெளியீட்டில் நீக்கப்பட்டது. பெய்ரூட்டில் ஏப்ரல் மாதச் சந்திப்பு ஒன்றைப் பொது நேரமாக மட்டும் சேமித்து வைத்திருந்த செயலிக்கு, அந்த எண் எந்த விதிப்படி கணக்கிடப்பட்டது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. 9 மணி, `Asia/Beirut` என்று வைத்திருந்த செயலிக்குத் தரவுத்தளத்தைப் புதுப்பித்தால் போதும்.

பின்னோக்கிப் பார்த்தாலும் இதே பாடு. இலங்கையின் நேரம் இன்று நம் நேரம்தான். அதனால் கொழும்பு, யாழ்ப்பாணப் பதிவுகளுக்கும் `Asia/Kolkata` போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்துக்கொண்டது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. ஏறத்தாழ பத்தாண்டுகள் கொழும்பில் 10 மணி என்றால் சென்னையில் 9.30. அந்தக் காலத்து வங்கிப் பதிவையோ பிறந்த நேரத்தையோ `Asia/Kolkata` விதிப்படி மாற்றினால் அரை மணி பிசகும். `Asia/Colombo` என்ற தனிப் பெயரில் இந்த வரலாறு முழுவதும் பதிவாகியிருக்கிறது. இன்று ஒரே நேரம் காட்டும் இரு ஊர்களை ஒரே பெயரில் சேர்க்கும் மாற்றம் எதுவானாலும் இந்தக் கண்ணோடு பார்க்கப்பட வேண்டும்.

நேரமே இல்லாத வெறும் தேதியிலும் மண்டலம் நுழைந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பிறந்த தேதியை இப்படிப் படிப்பது சாதாரணம்:

```javascript
new Date("1984-06-15")
```

தேதி மட்டும் கொடுத்தால் அந்த மொழி அதைப் பொது நேர நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. சென்னையில் அது ஜூன் 15 காலை 5.30, திரையில் 15 என்றே தெரியும். நியூயார்க்கில் அது ஜூன் 14 இரவு 8 மணி, திரையில் 14 என்று தெரியும். சென்னை நிரலாளர் நூறு முறை பார்த்தாலும் சரியாகவே இருக்கும் பிழை இது. பொது நேரத்துக்கு முன்னால் இருக்கும் எந்த நாட்டிலும் இது வெளிப்படாது. பிறந்த தேதி, விடுமுறை நாள், மருந்து காலாவதித் தேதி போன்றவற்றை ஆண்டு, மாதம், நாள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும், கணமாக மாற்றவே கூடாது.

ரிவ்யூவின் கடைசிக் கட்டம், மாற்றத்தோடு வந்திருக்கும் டெஸ்ட்களைப் படிப்பது. டெஸ்ட் ‘இன்று’ என்ற தேதியை வைத்து எழுதப்பட்டிருந்தால் அது ஆண்டில் பெரும்பாலான நாட்களில் தேறும், மார்ச்சில் ஒரு வாரம் தோற்கும். மறுவாரம் தானாகவே சரியாகிவிடும், யாரும் காரணம் தேட மாட்டார்கள். எனவே தேதியை டெஸ்டிலேயே நிலையாக எழுத வேண்டும். மேலே சொன்ன மையத்துக்கு மூன்று டெஸ்ட்கள் இருந்தாலே நிறையப் பிடிபடும்: மார்ச் 3 முதல் 10 வரையிலான வாரச் சந்திப்பு 9 மணியிலேயே நிற்கிறதா, அக்டோபர் 31 இரவுப் பணி ஒன்பது மணி நேரம் என்று வருகிறதா, மார்ச் 8 அதிகாலை 2.30ஐக் கொடுத்தால் நிரல் அதைக் கவனித்துச் சொல்கிறதா.

இவற்றோடு, டெஸ்ட்கள் முழுவதையும் வேறு ஊர்க் கடிகாரத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது மலிவான, பயனுள்ள வழி. லினக்ஸிலும் மேக்கிலும் இதற்கு ஒரு வரி போதும்:

```
TZ=America/New_York pytest
```

மண்டலத்தைச் சொல்லாமல் `datetime.now()` என்று எங்காவது எழுதியிருந்தால், அது கணினியின் சொந்த மண்டலத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கும். சென்னைக் கணினியில் தேறிய டெஸ்ட் இங்கே தோற்றால், அந்தச் சொல்லாமல் விட்ட இடம் பிடிபட்டது என்று பொருள்.

டெஸ்ட் தேறுவது மட்டும் அது சரியான டெஸ்ட் என்பதற்குச் சான்றாகாது. ரிவ்யூ செய்பவர் திருத்தத்தை மட்டும் தன் கணினியில் விலக்கி, ஏழு நாளைப் பொது நேரத்தில் கூட்டிய அந்தப் பழைய வரியைத் திரும்ப வைத்து டெஸ்டை ஓட்டிப் பார்க்கலாம். எதிர்பார்த்தது 9:00, வந்தது 10:00 என்று அது தோற்க வேண்டும். தோற்காமல் தேறினால், டெஸ்டில் உள்ள இரண்டு தேதிகளும் மார்ச் 8க்கு ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.